‘கட்டாயமா?’ என்று கேட்ட உர்சுலா அக்கா

உணவகத்தில் விலைப்பட்டியலை நீட்டினால், உர்சுலா அக்கா முதலில் சாப்பாட்டின் பெயரைப் படிக்க மாட்டார். வலக்கை மோதிர விரலின் நகத்தை விலைக்கு அடியில் வைப்பார். அந்த நகம் மெல்ல வலப்பக்கம் நகரும். எண்ணுக்குப் பின்னால் எறும்புபோல இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். இல்லாவிட்டால் பக்கத்தின் அடிக்கு இறங்கி, பொடி எழுத்தில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடும். பிறகுதான் தலை நிமிரும். “பன்னெண்டு வெள்ளின்னு போட்டிருக்கான், பதினாலுக்கு மேல ஆகும். சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல ஜிஎஸ்டி. உனக்கு என்ன தம்பி வேணும்?” என்பார். தேக்கா உணவு நிலையத்தில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அங்கேயும் தோசைக் கடைக்காரரிடம் “ப்ளஸ் ப்ளஸ் உண்டா அண்ணே?” என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை வாங்குவார். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் “உங்களுக்கு மட்டும் உண்டு” என்பார்.

சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் எங்கள் மாடியில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. தனியாக இருந்தார். வயது நாற்பத்து மூன்று. பாலர் பள்ளி ஆசிரியை. நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழும், காலணியை வலது இடது பார்த்துப் போடவும் சொல்லிக்கொடுப்பது வேலை. பட்டயப்படிப்பையும் பட்டப்படிப்பையும் வேலை முடிந்த பிறகு மாலை வகுப்புகளில் முடித்தவர். ஞாயிறு காலை தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் இரண்டாவது வாசகம் பெரும்பாலும் அவர்தான் வாசிப்பார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

சென்ற ஆண்டு, 2025இல், இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகம் பாலர் கல்வியில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு அவருக்கு இடம் கொடுத்தது. கற்பிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. விசா, சுகாதாரக் கட்டணம், விமானம், வாடகை, சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம், உதவித்தொகையைத் தள்ளிவைக்க முடியாது. செப்டம்பரில் போக வேண்டும், இல்லையென்றால் தள்ளுபடி வேறு யாருக்கோ போய்விடும்.

அவருடைய அண்ணன் இயேசுதாசன் சுவா சூ காங்கில் இருக்கிறார். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் நிறுவனம் சொந்தமாக நடத்துகிறார். கையில் காசு உள்ள மனிதர். அவர் மகள் அபிகேல் தொடக்கநிலை ஆறு. செப்டம்பர் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அத்தையிடம்தான் பாடம், காசு வாங்காத டியூஷன்.

“ரெண்டு வாரம் கழிச்சா உலகம் முடிஞ்சிடுமா?” என்று அண்ணன் கேட்டார்.

“காலேஜ் தொடங்கிடும் அண்ணே.”

“அப்ப அடுத்த வருஷம் போ. டிக்கெட், விசா, எல்லாம் நான் பாத்துக்கறேன். இந்த வருஷம்தான் போவேன்னு நின்னா எங்கிட்ட ஒத்தக் காசு கேக்காத.”

“நான் கேக்கவே இல்லையே.”

“கேப்ப.”

அந்த ‘கேப்ப’தான் அக்காவை உசுப்பிவிட்டது என்று நினைக்கிறேன்.

வரவுசெலவுத் திட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேக்காவில் காலை உணவின்போது எனக்குக் காட்டினார். கைத்தொலைபேசியில்தான் வைத்திருந்தார். வங்கியில் இரண்டு கணக்கு. ஒன்று வாழ்க்கைச் செலவுக்கு. அதைத் தொடக்கூடாது. மாணவர் விசாவுக்கு இத்தனை மாதச் செலவுக்கான பணம் கணக்கில் இருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து இருபத்தெட்டு நாள் குறையாமல் கிடக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. சிங்கப்பூர்க் கடப்பிதழ்காரர்களிடம் அந்தச் சான்றை முதலிலேயே கேட்பதில்லை. ஆனால் கேட்டால் காட்டியாக வேண்டும். “கேக்க மாட்டான்னு நம்பி நான் ஏறி உக்கார மாட்டேன்” என்றார். இன்னொரு கணக்கில் கட்டணங்களுக்கும் பயணத்துக்குமான பணம். கடைசிச் சம்பளம்வரை அதில் சேர்த்தாகிவிட்டது. மாத நோட்டீஸ் கொடுத்து வேலையையும் விட்டாகிவிட்டது.

விசாக் கட்டணம் 524 பவுண்டு. சுகாதார மேல்கட்டணம், அங்கே அரசு மருத்துவமனைகளைப் பயன்படுத்திக்கொள்ள முன்கூட்டியே கட்டுவது, மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்பு, ஓராண்டுக் கட்டணம். அந்த வரிக்கு எதிரே அக்கா பச்சை நிறம் கொடுத்திருந்தார். சந்தேகமில்லாத வரிகளுக்கெல்லாம் பச்சை.

அன்றைக்கே, வந்ததுதான் வந்தோம் என்று, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் இருந்த விசா ஆலோசகரையும் போய்ப் பார்த்தோம். ரஞ்சன் என்று பெயர். முப்பது வயது இருக்கும், சட்டைக் கையை மடித்துவிட்டு வேகமாகப் பேசுகிறவர்.

“ஆல்-இன் பேக்கேஜ் சிஸ்டர். நாலாயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி. நீங்க வந்து கைரேகை மட்டும் குடுத்தா போதும்.”

“இதுல கவர்மெண்டுக்கு எவ்வளவு, சென்டருக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு?”

“அதெல்லாம் பிரிச்சுச் சொல்றதில்ல சிஸ்டர். கம்பெனி பாலிசி.”

“பிரிக்க முடியாத காசா தம்பி?”

ரஞ்சன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “இது பீக் சீசன். சீக்கிரம் முடிவு வர பிரையாரிட்டி போடாட்டி ரிஸ்க். பிரையாரிட்டி கம்பல்சரின்னே வச்சுக்கோங்க” என்று ரஞ்சன் சேர்த்தார். பிறகு கூரியர், ஆவணங்களை விசா மையத்தில் ஸ்கேன் செய்வது, வரிசையில் நிற்காமல் சோபாவில் உட்கார ஒரு லவுஞ்சு.

படியிறங்கும்போது அக்கா மனக்கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். அவர் கணக்குக்கும் ரஞ்சன் கணக்குக்கும் இருந்த வித்தியாசம் பெரியது. “பாத்தியா, எவ்வளவு லாபம் வைக்கிறான்” என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த வித்தியாசத்துக்குள் ரஞ்சனின் லாபம் அல்லாத இன்னொன்றும் உட்கார்ந்திருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. தானே விண்ணப்பிப்பது என்று முடிவாயிற்று. ஆனாலும் ரஞ்சன் சொன்னதில் ஒன்று அவரைப் பயமுறுத்தியிருந்தது. வீட்டுக்கு வரும் ரயிலிலேயே பிரையாரிட்டி 500 பவுண்டு, கூரியர், ஸ்கேன் என்று மூன்று வரிகளைப் பட்டியலில் சேர்த்தார். அவற்றுக்கும் பச்சை. கட்டணக் கணக்கில் அதற்குமேல் துளியும் மிச்சமில்லை.

பல்கலைக்கழகத்திடமிருந்து விசாவுக்குத் தேவையான உறுதிப்பாட்டு எண் வருவதற்குள் ஆகஸ்ட் கடைசி வாரம் ஆகிவிட்டது. எண் வந்த ஞாயிறு மதியமே விண்ணப்பிக்க உட்கார்ந்தார். அவருடைய கணினி அடிக்கடி நின்றுவிடும் என்பதால் என்னுடையதைக் கேட்டிருந்தார். கொண்டுபோனேன். சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அபிகேல் கணிதத் தாள் செய்துகொண்டிருந்தாள். மகளை அழைத்துப்போக வந்திருந்த இயேசுதாசன் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

படிப்பு தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் நிரப்பினார். சுகாதாரக் கட்டணத்தைத் தனியாக ஒரு பக்கம் தானே கணக்குப் போட்டுக் காட்டும். காட்டியது.

1,164 பவுண்டு.

அக்கா நகத்தைத் திரையின்மேல் வைத்தார். பின்னால் போய், தேதிகளைச் சரிபார்த்து, மறுபடி முன்னால் வந்தார். அதே எண்.

“என்ன ஆச்சு?” என்றார் இயேசுதாசன்.

“ஒண்ணுமில்ல.”

“முகத்தப் பாத்தா ஒண்ணுமில்லாத மாதிரி தெரியலயே.” எழுந்து வந்து பார்த்தார். “எவ்வளவு போட்டு வச்சிருந்த?”

அக்கா சொன்னார்.

“கிட்டத்தட்ட நானூறு பவுண்டு இடிக்குது. எழுநூறு வெள்ளி. தெரியாத விஷயத்துல தானே இறங்கினா இப்படித்தான். அந்த ஏஜெண்டு கிட்டயாவது குடுத்திருக்கலாம்.” குரலில் கோபமில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. “சரி, விடு. அடுத்த வருஷம் நிதானமா போ. முழுச் செலவும் என்னோடது. சொன்ன சொல்லு சொன்னதுதான்.”

“வேணாம் அண்ணே.”

“பின்ன எப்படிக் கட்டுவ? விசாவுக்குக் காட்ட வச்சிருக்கற அந்தக் கணக்க உடைப்பியா?”

“உடைக்க மாட்டேன்.”

“சி.பி.எஃப் சேமநிதியில லட்சம் வச்சிருப்ப, தொட முடியாது. வேலையும் இல்ல. வீம்பு மட்டும் இருக்கு. வீம்ப எந்த கார்டுலம்மா தட்டறது?”

அபிகேல் பென்சிலை வைத்துவிட்டு, “அப்பா, நான் என்ன பாப்பாவா? அத்தை இல்லாட்டியும் படிப்பேன் லா” என்றாள்.

“நீ கணக்கப் போடு.”

“நான் போட்டுட்டேன். நீங்கதான் இன்னும் போட்டுக்கிட்டு இருக்கீங்க.”

இயேசுதாசனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நிலைமை மாறவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது கதவருகே நின்று, “ராத்திரி யோசிச்சுட்டு போன் பண்ணு. நான் காத்திருக்கேன்” என்றார்.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினார், மேசையைத் துடைத்தார், மறுபடி உட்கார்ந்து இங்கிலாந்து அரசின் வலைப்பக்கத்தை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். சாமர்த்தியமாகப் படிக்கவில்லை. வாசகம் வாசிப்பதுபோல உரக்க, நிறுத்தி நிறுத்திப் படித்தார். எங்களுடைய தவறு வெளியே வந்தது. கட்டணம் படிப்பின் நீளத்துக்கு இல்லை, விசாவின் நீளத்துக்கு. ஓராண்டுப் படிப்புக்குக் கொடுக்கும் விசா படிப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு மாதமும் முடிந்த பின்னால் நான்கு மாதமும் நீளும். ஆண்டு போக மீதமுள்ள மாதங்கள் ஆறுக்குள் இருந்தால் அரை ஆண்டுக் கட்டணம். ஆக ஒன்றரை ஆண்டு. யாரும் ஏமாற்றவில்லை. மறைத்தும் வைக்கவில்லை. கூட்டல் குறிதான் விலைக்குப் பக்கத்தில் இல்லாமல் வேறு பக்கத்தில் இருந்தது.

“அப்ப ரஞ்சன் தம்பி இதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கு” என்றார். “பாவம், திருடன்னு நெனச்சிட்டேன்.” ஒரு கணம் கழித்து, “பிரிச்சுச் சொல்லியிருந்தா நெனச்சிருக்க மாட்டேன்ல” என்றும் சொன்னார்.

சட்டம் கேட்பதைக் கட்டத்தான் வேண்டும். அதில் அவருக்கு வருத்தம் தெரியவில்லை. பட்டியலில் மற்ற வரிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். இப்போது கேள்வி வேறு. இது கட்டாயமா? விசாக் கட்டணம், கட்டாயம். சுகாதாரக் கட்டணம், கட்டாயம். ஆவணங்களை ஸ்கேன் செய்வது? வீட்டிலிருந்தே தானே பதிவேற்றலாம், இலவசம். கூரியர்? தேவையென்றால் எம்.ஆர்.டி. ரயில் பிடித்துப் போய்க் கடப்பிதழை வாங்கிக்கொள்ளலாம். பிரையாரிட்டி? படித்தார். மறுபடி படித்தார். ஐந்து வேலை நாளில் முடிவு வேண்டுமென்றால் கட்டலாம். கட்டாவிட்டால் வழக்கமாக மூன்று வாரத்தில் வரும். ‘கட்டலாம்’ என்றுதான் இருந்தது.

“மூணு வாரம்னா செப்டம்பர் பாதி ஆயிடும்” என்றேன். “கடைசிப் பதிவு நாள் இருபத்திரண்டு. கொஞ்சம் இழுத்துட்டா?”

“இழுத்துட்டா போக முடியாது.”

“அப்ப உதவித்தொகை?”

“போச்சு.”

“கட்டின காசு?”

“விசாக் காசு போனது போனதுதான்.” கையைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, அண்ணன்கிட்ட கேட்டா கண்டிப்பா இந்த வருஷம் போக முடியாது. கேக்காட்டி போனாலும் போகலாம். இதுல என்ன யோசிக்க இருக்கு?”

பிரையாரிட்டி வரி போயிற்று. 500 பவுண்டு திரும்பி வந்தது. துண்டு விழுந்தது 388. மிச்சத்தை அந்த அரசே ஒரு மாற்று விகிதம் வைத்து எடுத்துக்கொண்டது. சந்தை விலையைவிடச் சற்றுக் கூடுதல். அதையும் அக்கா முன்பு போட்டிருக்கவில்லை. வங்கி அட்டையின் அன்றாட வரம்பு இரண்டாயிரம் வெள்ளியைத் தாண்ட விடாமல் ஒரு முறை நிராகரித்தது. வரம்பை உயர்த்திவிட்டு மறுபடி தட்டினார். முதலில் சுகாதாரக் கட்டணம், பிறகு விசாக் கட்டணம். இரண்டு ரசீதும் வந்தபின் அண்ணனை அழைத்தார்.

“கட்டிட்டேன் அண்ணே.”

மறுமுனையில் அண்ணன் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

“இல்ல. யாரும் குடுக்கல. என்னோடதுதான். நீங்க காத்திருக்க வேணாம், தூங்குங்க.”

கைரேகை கொடுக்க விசா மையத்துக்குப் போன நாளில் நானும் விடுப்பில் இருந்ததால் உடன் போனேன். உள்ளே விண்ணப்பிப்பவர்கள் மட்டும்தான் போக முடியும். கதவு கண்ணாடி என்பதால் முன்மேசை எனக்குத் தெரிந்தது. நடந்ததை வெளியே வந்து அக்கா குரல் மாற்றிப் பேசிக்காட்டினார்.

முன்மேசைப் பெண் மரியாதையானவர். “மேடம், வாண்ட் லவுஞ்சு? மோர் கம்ஃபர்டபிள்.”

“கட்டாயமா?”

“நோ, நோ. ஆப்ஷனல்.”

“அப்ப வேணாம்.”

“எஸ்எம்எஸ் அப்டேட்?”

“ஈமெயில் வரும்தானே?”

“எஸ், ஈமெயில் ஃப்ரீ.”

“அப்ப வேணாம்.”

“யூ நெவர் டேக் பிரையாரிட்டி, மேடம். நவ் வெரி பிஸி. ஸ்டில் கேன் ஆட், யூ நோ.”

“ஆட் பண்ணாட்டி என் ஃபைல தூக்கிப் போட்டுடுவீங்களா?”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாராம். “நோ லா, மேடம். ஜஸ்ட் வெயிட் ஒன்லி.”

“வெயிட் பண்ண எனக்குத் தெரியும். நாலு வயசுப் பிள்ளைங்க இருபது பேர் ஷூ மாட்டற வரைக்கும் தினம் வெயிட் பண்ணினவ நான்.”

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த வடக்கத்தி இளைஞன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, தன் முறை வந்ததும் முதல் வேலையாக “கம்பல்சரி?” என்று கேட்டானாம். அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு காத்திருந்தார். இயேசுதாசன் தினமும் அழைப்பார். “வந்துச்சா?” என்று மட்டும் கேட்பார். “வரல” என்று மட்டும் இவர் சொல்வார். வார இறுதிகளில் அபிகேலுக்குப் பாடம் நடந்தது. பின்னம், விகிதம், கட்டுரை. தாழ்வாரத்தில் துணி காயப்போடும்போது என்னைப் பார்த்து, விமானச்சீட்டு விலை ஏறிக்கொண்டே போவதாகச் சொல்வார். விசா வராமல் சீட்டு வாங்க மாட்டார். மூன்றாவது வாரம் தொடங்கியதும் அவர் குரல் ஞாயிற்றுப் பூசையில் முதன்முறையாகத் தாழ்ந்து கேட்டது. வாசகம் முடிந்து இருக்கைக்குத் திரும்பும்போது படியில் கால் தடுக்கியது. பூசை முடிந்ததும் அண்ணன் அருகே வந்து, “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பிரையாரிட்டி இப்ப போட முடியுமான்னு கேளு, நான் கட்டறேன். இந்த வருஷமே போ” என்றார்.

இது புதிது. அவர் இறங்கி வந்திருந்தார். அக்கா ‘சரி’ என்று சொல்ல மாட்டாரா என்று எனக்கு இருந்தது.

“வரிசையில நிக்கிறேன் அண்ணே. என் முறை வரும்” என்றார் அக்கா. “நீங்க கேட்டதே போதும்.”

செவ்வாய்க்கிழமை மாலை மின்னஞ்சல் வந்தது. விசா கிடைத்துவிட்டது. கடப்பிதழில் ஒட்டும் தாள் எதுவும் இல்லை, இப்போதெல்லாம் இணையத்தில்தான் இருக்கிறது. வாசலுக்கு வெளியே நின்று என் வீட்டுக் கதவைத் தட்டாமல், “தம்பி! வந்துடுச்சு!” என்று கூப்பிட்டார். மூன்று மாடிக்குக் கேட்டிருக்கும். வெள்ளிக்கிழமை விமானம். சாங்கியில் இயேசுதாசன் தங்கையின் பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார், எடை போடும் இடம்வரை யாரிடமும் கொடுக்கவில்லை. அபிகேல் தேர்வை அந்த மாதக் கடைசியில் எழுதினாள். முந்தின நாள் இரவுவரை காணொளியில் பாடம் நடந்தது.

இதெல்லாம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, அக்காவோடு அதே பாலர் பள்ளியில் வேலை பார்த்த தாரணியைத் தேக்காவில் காய்கறி வாங்கும்போது பார்த்தேன். அவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில், விசாவுக்கும் சுகாதாரக் கட்டணத்துக்கும் பணம் போதாத மாணவர்களுக்கென்று ஒரு நிதி இருந்திருக்கிறது. அக்காவுக்கு அது ஜூலையிலேயே தெரியும். பாதிவரை விண்ணப்பித்தும் இருக்கிறார். ‘என் குடும்பத்தாரால் எனக்கு உதவ இயலாது’ என்று ஓர் உறுதிமொழி தர வேண்டுமாம். “அண்ணனால முடியும் தாரணி. முடியாதுன்னு எப்படி எழுதுறது?” என்று சொல்லிவிட்டு மூடிவிட்டாராம்.